நிழல் ஆடினால் கனவு

மோர்சாதம் சாப்பிட்ட டப்பாவைக் கழுவாமலேயே ஓரமாக நகர்த்திவிட்டு, ஜன்னல் திரையை இழுத்து மூடி, சுகந்தி நாற்காலியில் வந்து விழுந்தாள். சாலிக்கிராமத்தில் ஒரு மாடி வீட்டின் பின்னறை அது. முன்பக்கம் வீட்டுக்காரர்கள் சீரியல் பார்ப்பார்கள், பின்பக்கம் இவள் சினிமா வெட்டுவாள்; இரண்டு பக்கத்து அழுகையும் சுவர் தாண்டிக் கலந்துகொள்ளும். மூன்று மணிக்கு லைட்மேன் ஏகாம்பரத்தின் மனைவி கஸ்தூரி வருவதாகச் சொல்லியிருக்கிறாள். நான்கு மணிக்கு டைரக்டர் நிரஞ்சன் வருகிறான், படத்தைக் கடைசியாக ஒருமுறை பார்த்துப் பூட்டிவிட. பூட்டிவிட்டால் பிறகு ஒரு பிரேமைக்கூடத் தொடக்கூடாது, இசைக்காரர் அந்த நீளத்துக்குத்தான் வாசிப்பார். இரண்டுக்கும் நடுவில் ஒரு மணி நேரம், இப்போதைக்கு ஒரு மணி நேரம், ஆக மொத்தம் இந்த மத்தியானத்துக்குள் எதையாவது செய்தாக வேண்டும். அல்லது எதையும் செய்யாமல் இருந்தாக வேண்டும், அது இன்னும் சுலபம், அதைத்தான் இரண்டு மாதமாகச் செய்து வருகிறாள். ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டியது. கீழே மெஸ்ஸில் யாரோ கடுகு தாளித்தார்கள், மத்தியானம் இரண்டு மணிக்கு யாருக்கு இன்னும் தாளிப்பு? சரி, ஆரம்பத்திலிருந்து ஒருமுறை ஓட்டிப் பார்ப்போம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஓட்டிப் பார்ப்பது ஒரு வேலை. வேலை செய்கிறவளை யாரும் குற்றம் சொல்ல முடியாது.

படத்தில் நித்யா என்றொரு பெண். தங்கையை அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போனாளா, அல்லது பூட்டியதாகக் கனவு கண்டாளா என்பது அவளுக்கே தெரியாது. உள்ளே இருந்த தங்கைக்கு மூச்சு முட்டியது மட்டும் நிஜம், அவள் செத்தது நிஜம். தயாரிப்பாளருக்கு இந்தக் கதையில் ஒரே ஒரு சந்தேகம்தான்: கனவு என்றால் ஏன் புகை வரவில்லை? புகை போடுங்கள், வெள்ளைப் புடவை கட்டிவிடுங்கள், ஜனங்களுக்குப் புரியும் என்றார். நல்ல மனுஷன், அவர் பார்த்து வளர்ந்த கனவெல்லாம் அப்படி. ஆனால் புகை வந்தால் பார்க்கிறவன் அந்த நொடியே சாய்ந்து உட்கார்ந்துவிடுவான், ஓ கனவா, அவள் விழித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. பயம் போய்விடும். கனவு நிஜம் மாதிரியே இருக்க வேண்டும், நூற்றில் தொண்ணூறு பங்கு. மிச்சம் பத்தில்தான் விளையாட்டு. அதனால் கேமராக்காரர் வெளிச்சத்தை வைத்து ஒரு கணக்குப் போட்டார். நித்யா விழித்திருக்கும் காட்சிகளில் எல்லா வெளிச்சத்துக்கும் ஒரு தாய்வீடு உண்டு. ஜன்னல் இருந்தால் ஜன்னல் பக்கத்திலிருந்து வரும், டியூப்லைட் எரிந்தால் முகத்தில் அந்தப் பச்சை கலந்த வெளுப்பு விழும், நிழல் விளக்குக்கு எதிர்ப்பக்கம் சாயும். கனவில் அதே அறை, அதே கட்டில், அதே டியூப்லைட் எரிகிறது, ஆனால் முகத்தில் விழுவது மஞ்சள். நிழலோ ஜன்னலைப் பார்த்தே விழுகிறது. யாரும் இதைக் கவனித்துச் சொல்ல மாட்டார்கள். கண் பார்த்துவிடும், மூளைக்குச் சொல்லாது, என்னமோ சரியில்லை என்று மட்டும் தோன்றும். அவ்வளவு போதும்.

சுகந்தியின் பங்கு வெட்டில். விழித்திருக்கும்போது நித்யா ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போக வேண்டுமென்றால் போயே ஆக வேண்டும்: செருப்பு மாட்டுவாள், வாசற்படி தாண்டுவாள், பஸ்ஸுக்கு நிற்பாள். அலுப்பாகத்தான் இருக்கும், இருக்கட்டும், நிஜம் என்றாலே அலுப்புதானே. கனவில் வாசற்படியே கிடையாது. அடுப்படியில் பாத்திரத்தை எடுக்கக் கையை நீட்டுவாள், கை போய்த் தொடுவது ஆஸ்பத்திரிக் கட்டிலின் கம்பியாக இருக்கும். பாதி அசைவில் வெட்டி, மீதி அசைவை வேறோர் இடத்தில் ஒட்டினால் கண் ஏமாந்து பின்னாலேயே போகும், போன பிறகுதான் எங்கே வந்தோம் என்று திகைக்கும். கனவு காணும்போதும் இப்படித்தானே, பள்ளிக்கூடத்தில் இருக்கிறோம், திரும்பினால் கல்யாண மண்டபம், எப்படி வந்தோம் என்று யார் கேட்கிறார்கள்? பிறகு ஒரு நீல வாளி. குழாயடியில் வாளி நிரம்புகிறது, முதல் தடவை அது வெறும் வாளி. இரண்டாம் தடவை தண்ணீர் வழிகிறது, நித்யா குழாயை மூடுகிறாள். மூன்றாம் தடவை தண்ணீர் விழுகிறது, சத்தம் இல்லை. முதல் இரண்டும் ஒழுங்காக மனதில் பதிந்திருந்தால்தான் மூன்றாவது வேலை செய்யும். ஒரு பொருளைத் திரும்பத் திரும்பக் காட்டுவது ஜனங்களுக்கு மறதி என்பதால் இல்லை, அவர்களை அடுத்ததை எதிர்பார்க்க வைப்பதற்கு. எதிர்பார்த்தது வராதபோதுதான் முதுகு சிலிர்க்கும். எல்லாம் சரியாகத்தான் செய்தார்கள். ஆனால் தெரிந்தவர்களைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டியபோது பாதிப் பேர் குழம்பி வெளியே வந்தார்கள். நல்ல குழப்பம் இல்லை, எரிச்சல் குழப்பம். எது கனவென்றே பிடி கிடைக்கலையே மேடம் என்றார்கள். பிடி வேண்டும். ஒரே ஓர் அடையாளம், சின்னது, பொய் சொல்லாதது, ஒவ்வொரு கனவிலும் தவறாமல் வரவேண்டும். அதைத் தேடித்தான் அவள் வேண்டாமென்று ஒதுக்கின ஷாட்டுகளைக் கிளறினாள். அதைத் தேடாமல் இருந்திருக்கலாம்.

இதோ, திரையில் வந்துவிட்டது. நித்யா கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள். சுவரில் ஜன்னல் கம்பிகளின் நிழல். திடீரென்று அந்த நிழல் முழுவதும் ஒரு பக்கமாகச் சரிந்து, திரும்பி, மறுபடி சரிகிறது, அறையே ஒருமுறை மூச்சு வாங்கின மாதிரி. வெட்டு. இப்படி ஒரு நிழலை யாரும் திட்டம் போட்டு எடுக்க முடியாது. கையால் விளக்கை ஆட்டினால் ஆட்டியது தெரிந்துவிடும். இது ஆடியதற்குக் காரணம், கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே மேலே பலகையில் நின்று விளக்கைத் திருப்பிக்கொண்டிருந்த ஏகாம்பரம் கால் தவறி, விளக்கைப் பிடித்துத் தொங்கி, விட்டு, விழுந்தது. விழுந்த சத்தத்துக்கு முன்னாலேயே சுகந்தி வெட்டிவிட்டாள், ரொம்பச் சுத்தமான வெட்டு. படம் நெடுக ஒவ்வொரு கனவிலும் அந்த நிழல் ஆடுகிறது, சில இடத்தில் திருப்பிப் போட்டிருக்கிறாள், சில இடத்தில் வேகத்தைக் குறைத்து. மறுபடி போட்டுக் காட்டியபோது ஒருத்தரும் குழம்பவில்லை. நிழல் ஆடினால் கனவு, குழந்தைக்கும் புரிந்தது. கடைசிக் காட்சியில் மஞ்சள் வெளிச்சம் உண்டு, வாசற்படி கிடையாது, வாளியில் சத்தமில்லை, எல்லாம் கனவு மாதிரியே, நித்யா சாவியைத் திருப்புகிறாள், ஜனம் நிழலுக்குக் காத்திருக்கிறது, நிழல் ஆடுவதில்லை. ஐயோ, அப்படியானால் நிஜமாகவே பூட்டினாளா என்று ஒரு பெண்மணி வாய்விட்டுச் சொன்னாள். நிரஞ்சன் வந்து இவள் கையைப் பிடித்துக்கொண்டான். "அக்கா, நீங்க இல்லேன்னா இந்தப் படமே இல்லக்கா" என்றான். எந்த டேக்கிலிருந்து எடுத்தீர்கள் என்று அவன் கேட்கவில்லை. அவனுக்குத் தெரியும். இவளும் சொல்லவில்லை, இரண்டு பேரும் காபி குடித்தார்கள்.

இதோடு நின்றிருந்தால்கூட ஒரு சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். விபத்து நடந்தது, நிழல் விழுந்தது, கிடைத்ததை எடுத்தோம், சினிமாவில் எது வீணாகிறது? ஆனால் அந்த ஷாட்டுக்குக் குரல் இருக்கிறது. கனவுக் காட்சிகளை ஊமையாக எடுக்கலாம், சத்தத்தைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று அன்றைக்குச் சவுண்டுக்காரரையே வரவேண்டாம் என்றுவிட்டார்கள். அதனால் எதுவும் பதிவாகவில்லை என்றுதான் செட்டில் இருந்த எல்லாரும் நம்பினார்கள், இன்றும் நம்புகிறார்கள். கேமராவுக்குள் சின்னதாக ஒரு மைக் இருப்பதும், யாரும் அணைக்காவிட்டால் அது பாட்டுக்குக் கரகரவென்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டே இருப்பதும் எடிட்டிங் டேபிளில் உட்கார்கிறவர்களுக்குத்தான் நினைவிருக்கும். அந்தக் குரல் விழுகிற பட்டையை ஊமையாக்கி வைப்பதுதான் ஒவ்வொரு படத்திலும் இவள் செய்கிற முதல் வேலை. இதிலும் ஊமையாக்கினாள். ஆனால் அதற்கு முன்னால் கேட்டுவிட்டாள். ஒருமுறை கேட்டாள், பிறகு இரண்டு மாதமாகப் பல் விளக்கும்போதும், குழம்புக்குப் புளி கரைக்கும்போதும், வண்டியில் சிக்னலுக்கு நிற்கும்போதும் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அதற்கு அணைக்கிற பொத்தான் கிடையாது.

லைட்மேன் சங்கத்துச் செயலாளர் ஒருநாள் போன் செய்தார். "ஏகாம்பரம் விஷயமாக் கேக்குறாங்கம்மா. புட்டேஜ்ல ஏதாச்சும் இருக்கா? அவரா ஏறினாரா, யாராச்சும் ஏறச் சொன்னாங்களான்னு." இவள், "ஒண்ணுமில்லண்ணே, சும்மா நிழல்தான் ஆடுது, சவுண்டே எடுக்கல" என்றாள். இதைச் சொல்லும்போது எங்கே நின்றிருந்தாள்? பால்கனியில். இல்லை, சமையலறையில். இந்த ஒரு ஷாட்டை மனதில் எத்தனை விதமாக வெட்டியிருக்கிறாள்! ஒருமுறை நினைத்தால் சாயங்கால வெளிச்சம், இன்னொருமுறை விடிகாலை. ஒன்றில் அவர் குரல் தெளிவாக இருக்கிறது, இன்னொன்றில் இரைச்சல், என்ன கேட்டார் என்றே சரியாகப் புரியவில்லை, புரியாமல்தான் ஒண்ணுமில்லண்ணே என்று சொன்னாள். பலே சுகந்தி. வெளிச்சத்தை மாற்றினாய், இடத்தை மாற்றினாய், இனி நிழலை ஆட்டிவிட்டால் முடிந்தது, கனவாகிவிடும். நான் பொய் சொன்னதாக ஒரு கனவு கண்டேன் என்று நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் பால் பொங்கியது. பேசிக்கொண்டிருக்கும்போதே பால் பொங்கி அடுப்பில் வழிந்து, போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, கந்தல் துணியால் துடைத்தாள். கை சுட்டது. பிறகு அறைக் கதவைத் தாண்டி வந்து, செருப்பை மாட்டி, படியிறங்கி, வண்டி ஸ்டாண்டு இறுகியிருந்ததால் இரண்டு தடவை உதைத்து எடுத்து, இந்த அறைக்கு வந்தாள். ஒரு வாசற்படிகூட விட்டுப்போகவில்லை. கனவில் யாரும் அடுப்பைத் துடைப்பதில்லை. அவள்தான் சொன்னாள், அவள் வாயால்தான் சொன்னாள்.

ஏன் சொன்னாள்? மூன்று வருஷம் யாரும் கூப்பிடாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தவளை நிரஞ்சன்தான் கூப்பிட்டான். தயாரிப்பாளர் வேறோர் ஆளைச் சொன்னபோது, சுகந்தியக்கா இல்லேன்னா நான் இல்லை என்று நின்றான். கெட்ட பையன் இல்லை. ஏகாம்பரத்தை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதும் அவன்தான், சட்டையெல்லாம் ரத்தத்தோடு. பிறகு யார் யாரோ பேசினார்கள். பாதுகாப்பு பெல்ட் போடாமல் தானாக ஏறினார், காலையிலேயே ஊற்றிக்கொண்டு வந்திருப்பார் என்றார்கள். இவனும் ஆமாம் என்று தலையாட்டினான். நாளைக்குச் சங்கத்தில் கூடி ஏகாம்பரத்தின் கார்டை ரத்து செய்துவிடுவார்கள். கார்டு போனால் எந்த செட்டிலும் அவர் விளக்கைத் தொட முடியாது. இருபது வருஷம் உழைத்ததற்குக் குடிகாரன் என்கிற பேர் மிஞ்சும். சரி, ஷாட்டையே தூக்கிவிடலாம். அவள் தூக்கிப் பார்த்தாள், எல்லாக் கனவிலிருந்தும் அந்த நிழலை எடுத்துவிட்டு முதலிலிருந்து ஓட்டினாள். கனவும் நிஜமும் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு போயின, நித்யா பாவமாக எங்கெங்கோ நடந்தாள். கடைசிக் காட்சி செத்துக் கிடந்தது. படத்தை அழித்தாலும் அந்த மனுஷன் விழுந்தது விழுந்ததுதானே என்று உள்ளே ஒரு குரல் நைச்சியமாகச் சொன்னது, அவள் எல்லா நிழலையும் மறுபடி அந்தந்த இடத்திலேயே வைத்துவிட்டாள். இவ்வளவு சத்தியமான ஒன்றை எடுத்து அதன் தலையில் பொய் என்று எழுதி ஒட்டியிருக்கிறேன், இந்தப் படத்திலேயே உண்மையாக நடந்தது அந்த ஒன்றுதான், என்று நினைத்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது, காது மடல் வரைக்கும் சுட்டது. அழைப்பு மணி அடித்தது.

கஸ்தூரி கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டுத் தயங்கி நின்றாள். நெற்றி வேர்வையை முந்தானையால் ஒற்றிக்கொண்டு, "ஏகாம்பரம் வூட்ல மேடம்" என்றாள். மாங்காட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். உட்காரச் சொன்னால் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தால் வாய் வைக்காமல் தூக்கிக் குடித்தாள். சுகந்தி திரையில் நின்றிருந்த நித்யாவை அவசரமாக மறைத்து வைத்தாள். "அவருக்கு எப்படியிருக்கு?" என்று கேட்க வேண்டியிருந்தது, கேட்டாள். "நடக்குறாரு மேடம், புடிச்சினு நடக்குறாரு. அது பரவால்ல. தூக்கம்தான் இல்ல. கண்ண மூடினா அங்கயே நிக்கிறாராம். யாரோ கீழேருந்து ‘ஒரு நிமிஷ வேலைண்ணே’ன்னு சொல்றாங்களாம். தெனம் அதேதான். நான் யாரு சொன்னாங்கன்னு கேட்டா, தெரிலன்றாரு. ஆஸ்பத்திரில கேட்டா, மண்டைல அடிபட்டிருக்கு, கனவும் நெசமும் கலந்து வரும்ன்றாங்க. சங்கத்துலயும் அதயேதான் சொல்றாங்க, நீ கனவு கண்டிருக்கப்பான்னு. இப்ப அவரே சொல்ல ஆரம்பிச்சிட்டாரு மேடம். நேத்து என்னாண்ட சொல்றாரு, ‘நான்தான் குடிச்சிருப்பன் போல கஸ்தூரி, எனக்குத்தான் தெரியாம பூட்ச்சி’ன்னு. பதினோரு வருஷமாத் தொட்டதில்ல மேடம் அவரு. எம் புள்ள மேல சத்தியம்." தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தாள். "நான் யாரையும் மாட்டிவிட வரல. படத்த நீங்கதான வெட்றீங்க. அவரா ஏறினாரா? அது மட்டும் சொல்லுங்க. அவரா ஏறினார்னா நான் போய் அதையே சொல்லித் தூங்க வெச்சிடுவன்."

ஒண்ணுமில்லம்மா என்ற சொல் தயாராக இருந்தது, ஏற்கெனவே ஒருமுறை உபயோகித்த சொல், நாக்கு நுனிக்குத் தானாக வந்து நின்றது. சுகந்தி அவள் முகத்தைப் பார்த்தாள். வெளிச்சம் ஜன்னல் திரையின் இடுக்கிலிருந்துதான் வந்தது, நிழல் எதிர்ச்சுவரில்தான் விழுந்தது, எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. நித்யாவை வைத்து ஜனங்களை இரண்டு மணி நேரம் குழப்ப என்னவெல்லாம் கணக்குப் போட்டார்கள்! இந்த மனுஷனைக் குழப்ப ஒரு கணக்கும் தேவைப்படவில்லை. அவரவர் ஒரு வார்த்தை சொன்னார்கள், மறுபடி சொன்னார்கள், இவள் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தாள். தன் காதால் கேட்டதையே அவர் கனவு என்று நம்ப ஆரம்பித்துவிட்டார். நிரஞ்சன் முகம் வந்தது. ரத்தம் படிந்த சட்டை, அக்கா என்று கூப்பிடுகிற குரல். மூன்று வருஷம் அடிக்காத போன் நினைவுக்கு வந்தது. இனி வாழ்நாளுக்கும் அடிக்காது. பயத்தோடேயே கை போய் அந்த ஷாட்டைத் திறந்தது. "உங்க வீட்டுக்காரருக்குப் போன் போடுங்க" என்றாள். "அவரும் கேக்கட்டும்."

கஸ்தூரி போனை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தாள். சுகந்தி ஊமையாக்கி வைத்திருந்த பட்டையைத் திறந்துவிட்டாள். முதலில் இரைச்சல், யாரோ இருமினார்கள், ஒரு ஸ்டூலை இழுக்கிற சத்தம். பிறகு ஏகாம்பரத்தின் குரல், கொஞ்சம் தூரத்திலிருந்து, மரியாதையாக: "பெல்ட்டு வேன்ல கீது சார், எட்த்துனு வந்துடறேன்." அதன்மேல் நிரஞ்சன் குரல், அவசரமாக, கோபமில்லாமல், வழக்கமான அன்போடுகூட: "பெல்ட்டெல்லாம் வேணாம்ணே, ஒரு நிமிஷ வேலை. ஹீரோயின் கிளம்பணும்ல. ஏறுங்கண்ணே." ஏணிப்படி கிறீச்சிட்டது. நிழல் ஆடியது. இந்த முறை சுகந்தி வெட்டவில்லை. சத்தம் வந்தது, தேங்காய் மூட்டையைக் கீழே போட்டது போல ஒரு சத்தம், பிறகு ஒரு பெண் கத்தினாள். கஸ்தூரி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். போனில், மாங்காட்டில் எங்கோ ஒரு குக்கர் விசில் அடிப்பது கேட்டது.

"நான்தான் அது" என்றார் ஏகாம்பரம். "பெல்ட்டு கேட்டன் பாத்தியா கஸ்தூரி. கேட்டன்." அழுகிறாரா, சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. "இன்னொரு வாட்டி போடச் சொல்லு." சுகந்தி இன்னொரு முறை போட்டாள். நாளைக்குச் சங்கத்துக்கு நானே இதை எடுத்துக்கொண்டு வருகிறேன், செயலாளரிடம் நான் சொன்னது பொய் என்றும் அங்கேயே சொல்கிறேன் என்றாள். கஸ்தூரி எழுந்து இவள் கையைப் பிடித்துக்கொண்டாள், "நீங்க நல்லா இருக்கணும் மேடம்" என்றாள். சுகந்திக்கு அந்தக் கையை உதறிவிட வேண்டும் போலிருந்தது. அப்போது போனிலிருந்து ஏகாம்பரம், சண்டை போடுகிற தொனி ஒரு துளியும் இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவராகக் கேட்டார்: "மேடம், இது எப்பத்திலேருந்து உங்களாண்ட கீது?"

கீழே நிரஞ்சனின் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. சீக்கிரமே வந்துவிட்டான். "நீங்க விழுந்த மறுநாளே வந்துடுச்சுண்ணே" என்றாள் சுகந்தி. கஸ்தூரி பிடித்திருந்த கையை மெதுவாக விட்டாள்.